நகர மறுக்கும் செங்கல்

தங்கை மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அறிவியல் புத்தகத்தையும் ஒரு வழிகாட்டி நூலையும் எடுத்துக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். மறுநாள் பாடம் உராய்வு. வகைகள், பாதிக்கும் காரணிகள், நன்மைகள், தீமைகள் என்று நான்கு கேள்விக்கும் விடையை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். ஒப்பிக்கச் சொன்னேன். ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். பிறகு நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"3 கிலோ செங்கல் ஒன்று தரையில் கிடக்கு. அதை ஒரு கிலோ எடையைத் தூக்குற அளவு விசையோட பக்கவாட்டுல இழுக்கிறேன். அது நகரலை. இப்ப உராய்வு விசை எவ்வளவு?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "3-லேர்ந்து 1 போனா 2 கிலோவா, மாமா?"

இது அவள் ஒருத்தி செய்யும் தவறு அல்ல. கல்லூரிக்குப் போன பிள்ளைகள் பலரும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். உராய்வு என்றால் பொருளுக்குள் நிரந்தரமாகக் குடியிருக்கும் ஒரு எண் என்று நினைத்துவிடுகிறார்கள். அதனால் அன்று மாலை புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கொல்லையில் கிடந்த இரண்டு செங்கற்களையும், காய்கறி நிறுக்க வாங்கி வைத்திருந்த கொக்கி வைத்த வில் தராசையும், கொஞ்சம் சணல் கயிற்றையும் எடுத்துக்கொண்டோம்.

நம் ஊர் சேம்பர் செங்கல் சுமாராக 9 அங்குல நீளம், நாலரை அங்குல அகலம், 3 அங்குல உயரம். எடை 3 கிலோவை ஒட்டி வரும். சிமென்ட் தரையில் செங்கல்லைப் படுக்க வைத்து, கயிற்றைத் தரைக்கு ஒட்டினாற்போல அடியில் கட்டினோம். உயரத்தில் கட்டி இழுத்தால் செங்கல் நகராமல் குப்புற விழப் பார்க்கும், முள் காட்டும் அளவும் பொய்யாகிவிடும். தராசின் கொக்கியைக் கயிற்றில் மாட்டி, தரைக்கு இணையாக மெதுவாக இழுக்கச் சொன்னேன்.

முள் அரை கிலோவுக்கு வந்தது. செங்கல் அசையவில்லை. அசையவில்லை என்றால் இழுக்கும் விசையை ஏதோ ஒன்று சரிக்குச் சரியாக எதிர்த்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆக, அந்த நேரத்தில் உராய்வும் அரை கிலோதான். முள் ஒரு கிலோவுக்குப் போனது. இன்னும் அசையவில்லை. இப்போது உராய்வு ஒரு கிலோ. அவளுக்கு நான் கேட்ட கேள்வியின் விடை இதுதான். பாடநூல் மொழியில் சொன்னால் ஏறத்தாழ 10 நியூட்டன். ஒன்றரை கிலோவுக்கு இழுத்தால் அதுவும் ஒன்றரை. நாம் எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவுக்கு வளர்ந்துகொண்டே வருகிற இந்த எதிர்ப்புக்குத்தான் நிலை உராய்வு என்று பெயர். பொருள் நிலையாக இருப்பதால் அந்தப் பெயர் வந்தது. விசையின் அளவு நிலையானது என்று நினைத்துவிடக் கூடாது.

அது வளர்வதற்கு ஒரு வரம்பு உண்டு. எங்கள் தரையில் முள் 2 கிலோவைத் தொட்டபோது செங்கல் சட்டென்று விடுபட்டு நகர்ந்தது. நகர்ந்த உடனே முள் கொஞ்சம் இறங்கி, 1.7 கிலோவை ஒட்டி ஆடிக்கொண்டே நின்றது. நகரத் தொடங்கிய பிறகு இருப்பது இயக்க உராய்வு. ஒரு பரப்பின் மேல் இன்னொன்று வழுக்கிக்கொண்டு போவதால் இதை நழுவு உராய்வு என்பார்கள். 2 கிலோ 1.7 ஆனதே, அந்த இறக்கத்தை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அலமாரியை நகர்த்தும்போது முதல் அசைவுக்குத்தான் மூச்சு முட்டும், அசைந்த பிறகு அவ்வளவு கஷ்டம் இருக்காது என்பது எல்லோருக்கும் பழக்கமான அனுபவம். ஓடுகிற வண்டியில் பிரேக்கை ஒரேயடியாக அழுத்திச் சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி இழுத்துக்கொண்டு போவதும் இதே காரணத்தால்தான். உருளும் டயர் சாலையைத் தொடும் இடத்தில் அந்த நொடிக்கு நழுவுவதில்லை, அதனால் நிலை உராய்வின் முழுப் பிடியும் கிடைக்கிறது. பூட்டிய டயர் நழுவுகிறது, பிடி குறைகிறது.

அடுத்து, பாதிக்கும் காரணிகள். படுத்திருந்த செங்கல்லின் மேல் இரண்டாவது செங்கல்லை அடுக்கினோம். நகர்த்த 4 கிலோ தேவைப்பட்டது. எடை இரட்டித்தது, உராய்வும் இரட்டித்தது. சரியாகச் சொன்னால் இதில் கணக்கில் வருவது எடை அல்ல, இரண்டு பரப்புகளும் ஒன்றையொன்று அழுத்தும் விசை. சமதரையில் இரண்டும் ஒன்றே. ஆனால் சுவரோடு ஒரு புத்தகத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால், புத்தகம் கீழே விழாமல் காப்பது கையின் அழுத்தம்தான். பிறகு செங்கல்லுக்கு அடியில் ஒரு பழைய பிளாஸ்டிக் உறையை விரித்து இழுத்தோம். பாதிக்கும் குறைவான விசையிலேயே நகர்ந்தது. பரப்பின் தன்மை ஒரு காரணி என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மூன்றாவதாக அவளுடைய வழிகாட்டி நூலில் ஒரு வரி இருந்தது. தொடும் பரப்பு அதிகமானால் உராய்வும் அதிகமாகும் என்று. இதைச் சோதிக்கச் செங்கல்லைவிட நல்ல கருவி கிடையாது. படுக்க வைத்தால் அடிப்பரப்பு 9 பெருக்கல் நாலரை, அதாவது 40.5 சதுர அங்குலம். நெட்டுக்குத்தாக நிறுத்தினால் நாலரை பெருக்கல் 3, அதாவது 13.5. சரியாக மூன்றில் ஒரு பங்கு. வழிகாட்டி நூல் சொல்வது உண்மையானால் நிறுத்தி வைத்த செங்கல் மிகச் சுலபமாக நகர வேண்டும்.

நகரவில்லை. படுக்க வைத்தபோதும், பக்கவாட்டில் சாய்த்து வைத்தபோதும், நிறுத்தி வைத்தபோதும் 2 கிலோவை ஒட்டித்தான் விடுபட்டது. ஒருமுறை 1.9, ஒருமுறை 2.1 என்று கொஞ்சம் முன்பின் வந்ததே தவிர, மூன்று மடங்கு வித்தியாசத்தின் சாயல்கூட இல்லை. அவள் நம்பாமல் பத்துத் தடவையாவது இழுத்துப் பார்த்திருப்பாள்.

நம்பாமல் போனது அவள் மட்டுமல்ல. லியொனார்டோ டா வின்சி தன் குறிப்பேடுகளில் இதைக் கண்டு எழுதி வைத்திருந்தார், ஆனால் அது வெளியுலகுக்குத் தெரியாமலே கிடந்தது. 1699-இல் கியோம் அமோந்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸ் அறிவியல் கழகத்தில் இதையே சொன்னபோது அங்கிருந்தவர்கள் ஏற்கத் தயங்கினார்கள். லா ஈர் என்பவர் தாமே சோதனை செய்து பார்த்து உறுதி செய்தார். மின்விசையின் விதியோடு பெயர் சேர்ந்திருக்கிற கூலும், 1785-இல் வெளியான தம் ஆய்வில் இதை இன்னும் விரிவாக எழுதினார். காரணம் தெளிவாக விளங்கியது இருபதாம் நூற்றாண்டில்தான். கேம்பிரிட்ஜில் பௌடன், டேபர் என்ற இருவர் உலோகப் பரப்புகளை வைத்து ஆராய்ந்து 1950-இல் ஒரு நூலாகவே எழுதினார்கள்.

காரணத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் இரண்டு பலாப்பழங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் தோலை இன்னொன்றின் தோலோடு வைத்தால் முள்ளும் முள்ளும் சில இடங்களில்தான் தொடும், மற்ற இடமெல்லாம் வெளியாகவே இருக்கும். நமக்கு வழவழவென்று தெரிகிற பரப்பும் நுண்ணோக்கியில் இப்படித்தான் இருக்கிறது. செங்கல் தரையில் 40 சதுர அங்குலத்தில் உட்கார்ந்திருப்பதுபோலத் தெரிந்தாலும், உண்மையில் தொட்டுக்கொண்டிருப்பது அதில் மிகமிகச் சிறிய பகுதிதான். முழு எடையும் அந்தச் சில முகடுகளின் மேல் ஏறுவதால் அவை நசுங்கி, தாங்குகிற அளவுக்கு அகன்று கொடுக்கின்றன. நிறுத்தி வைத்தால் முகடுகளின் எண்ணிக்கை குறையும். ஆனால் ஒவ்வொன்றின் மேலும் ஏறும் பாரம் கூடும், ஒவ்வொன்றும் கூடுதலாக நசுங்கும். கூட்டிப் பார்த்தால் உண்மையான தொடுபரப்பு பழைய அளவுக்கே வந்துவிடும். அதனால்தான் உராய்வு மாறவில்லை. எடையைக் கூட்டினால் உண்மையான தொடுபரப்பே கூடும், உராய்வும் கூடும்.

இதற்கு விலக்குகள் உண்டு. ரப்பர் மென்மையானது, நெளிந்து கொடுப்பது. டயரில் அகலத்துக்கும் பிடிக்கும் ஓரளவு தொடர்பு இருக்கத்தான் செய்கிறது. மிகத் துல்லியமாக மெருகேற்றிச் சுத்தம் செய்த இரண்டு உலோகத் துண்டுகள் வழுக்குவதற்குப் பதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். ஆகவே வழவழப்பாக இருந்தால் உராய்வு குறையும் என்பதும் ஒரு எல்லைவரை மட்டுமே உண்மை. தேர்வில் என்ன எழுதுவது என்று கேட்டாள். பரப்பின் தன்மை, அழுத்தும் விசை இரண்டையும் தைரியமாக எழுது, மூன்றாவதைப் பற்றிச் செங்கல்லையும் தராசையும் எடுத்துப்போய் டீச்சரிடமே காட்டிக் கேள் என்றேன். மதிப்பெண்ணுக்காகக்கூட ஒரு குழந்தை தன் கண்ணால் பார்த்ததற்கு எதிராக எழுதக் கூடாது என்பது என் எண்ணம்.

கடைசியாக அவளுடைய பெட்டியிலிருந்து உருண்டைப் பென்சில் ஐந்தாறு எடுத்து, செங்கல்லுக்கு அடியில் குறுக்காக அடுக்கினோம். ஆறு பட்டை உள்ள பென்சில் இதற்கு உதவாது. கயிற்றை லேசாகத் தொட்டதுமே செங்கல் ஓடியது. முள் பூஜ்யத்தை விட்டு அதிகம் நகரவே இல்லை. 2 கிலோ கேட்ட அதே செங்கல்! இது உருளும் உராய்வு.

நன்மை, தீமை என்ற கேள்விக்கு வந்தோம். உராய்வை ஏன் 'தேவையான தீமை' என்கிறோம் என்று கேட்பார்களாம். எனக்கு உடனே தேர்தான் நினைவுக்கு வந்தது. அந்தக் கேள்விக்கான விடை முழுவதும் ஒரு தேரோட்டத்தில் இருக்கிறது.

திருவாரூர் ஆழித்தேரை எடுத்துக்கொள்வோம். அலங்காரம் முடிந்து நிற்கும்போது உயரம் சுமார் 96 அடி, எடை சுமார் 300 டன் என்பார்கள். சக்கரம் இல்லாமல் இதை வீதியில் இழுப்பதாக வைத்துக்கொண்டால், செங்கல் கணக்குப்படி எடையில் பாதிக்கு மேல், 150 டன்னுக்கு மேல் விசை வேண்டும். நடக்காத காரியம். சக்கரம் உருளும்போது தேவைப்படுவது எடையில் நூற்றில் இரண்டு பங்கு என்று ஒரு உத்தேசத்துக்கு வைத்தால் 6 டன். ஒருவர் 30 கிலோ விசை கொடுத்தால் 200 பேர் போதும். இது ஓடிக்கொண்டிருக்கும் தேருக்கு. நின்ற தேரைக் கிளப்ப இதைவிட எவ்வளவோ அதிகம் வேண்டும். பாரத்தில் சக்கரம் வீதியில் கொஞ்சம் அழுந்தியிருக்கும், அந்தச் சிறு பள்ளத்திலிருந்து ஏறி வர வேண்டும். அச்சில் தடவிய எண்ணெயும் நின்ற நேரத்தில் பிதுங்கி விலகியிருக்கும். அதனால்தான் வடம் பிடிப்பவர்கள் முன்னால் இழுக்கும்போதே பின்னாலிருந்து சக்கரத்துக்கு நெம்புகோல் போடுவது வழக்கம். திருவாரூரில் இன்று புல்டோசர் பின்சக்கரங்களைத் தள்ளுகிறது.

அந்த 30 கிலோ எங்கிருந்து வருகிறது? கையிலிருந்து என்று சொல்லத் தோன்றும். உண்மையில் அது காலடியில் பிறக்கிறது. வடத்தைப் பிடித்து இழுப்பவர் பாதத்தால் வீதியைப் பின்னோக்கித் தள்ளுகிறார், வீதி உராய்வின் மூலம் அவரை முன்னோக்கித் தள்ளுகிறது. உராய்வு எப்போதும் இயக்கத்தை எதிர்க்கும் என்று மனப்பாடம் செய்த பிள்ளைகள் இந்த இடத்தில் திகைப்பார்கள். நடப்பவருக்கு உராய்வு முன்பக்கமாகத்தான் வேலை செய்கிறது. அது எதிர்ப்பது பாதம் பின்னால் வழுக்குவதை. 60 கிலோ எடையுள்ளவர் உலர்ந்த தார்ச்சாலையில் வெறுங்காலோடு நின்றால் அவர் எடையில் பாதியை ஒட்டிய விசைக்கு மேல் இழுப்பது கடினம், கால் வாரிவிடும். மழை பெய்து வீதி நனைந்துவிட்டால் அதே ஆட்கள், அதே வடம், ஆனால் தேர் நகராது. கைவலிமை குறைந்துவிடவில்லை, காலடி உராய்வு குறைந்துவிட்டது.

உராய்வு வேண்டாத இடம் அச்சு. சக்கரம் வீதியில் உருண்டாலும், சக்கரத்தின் குடத்துக்குள் அச்சு நழுவிக்கொண்டுதான் இருக்கிறது. இங்கே பெரிய சக்கரம் ஒரு உதவி செய்கிறது. 7 அடி விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றுக்கு 22 அடி போகும். அச்சின் விட்டம் 7 அங்குலம் என்றால், அதே சுற்றில் அச்சும் குடமும் உரசும் தூரம் இரண்டு அடிகூட வராது. உரசல் குறுகிய தூரத்தில் முடிந்துபோகிறது. அந்தக் குறுகிய தூரத்தையும் எண்ணெய் போட்டுச் சமாளிக்கிறார்கள். மாட்டு வண்டிக்கு மை போடுவதும் இதற்காகத்தான். எண்ணெயோ மையோ பரப்பை மெருகேற்றுவதில்லை. முகடும் முகடும் தொடாதபடி நடுவில் ஒரு படலமாக நின்று, திண்மமும் திண்மமும் உரசுவதை நிறுத்தி, உரசலைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. அந்தப் படலத்துக்குள் நடப்பது பாய்ம உராய்வு. படலம் பிதுங்கிப் போய்விட்டால் அச்சு கீச்சிடத் தொடங்கும். வண்டிக்காரர்கள் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் மை தீர்ந்ததைத் தெரிந்துகொள்வார்கள். கீச்சென்ற சத்தம் ஒட்டுவதும் விடுபடுவதும் மாறி மாறி நடக்கும் ஒலி. செங்கல்லை இழுக்கும்போது தராசின் முள் ஆடிக்கொண்டே இருந்ததே, அதுவும் இதே கதைதான்.

வீதி மூலையில் தேர் திரும்புவது தனிப் பாடம். சக்கரம் முன்னும் பின்னும் உருளுமே தவிரப் பக்கவாட்டில் உருளாது. திருப்ப வேண்டுமானால் அது நழுவியே ஆக வேண்டும். பெரிய தேர்களுக்கு மூலையில் இரும்புத் தகடுகளைப் போட்டு, அவற்றின் மேல் கிரீஸ் தடவி, சக்கரத்தை அந்தத் தகட்டின் மேல் ஏற்றித் திருப்புவார்கள். அதே வேளையில் மற்ற சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுப்பார்கள். ஒரு சக்கரத்தின் கீழ் உராய்வை அழிக்கிறார்கள், சில அடி தள்ளியிருக்கும் இன்னொரு சக்கரத்தின் கீழ் அதையே உருவாக்குகிறார்கள்.

முட்டுக்கட்டை செய்யும் வேலையை அருகில் நின்று பார்த்தால் நழுவு உராய்வுக்கும் உருளும் உராய்வுக்கும் உள்ள வேறுபாடு ஒரு நொடியில் விளங்கும். ஆப்பு வடிவ மரக்கட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் நுழைக்கிறார்கள். சக்கரம் அதன் மேல் ஏறுகிறது. ஏறிய பிறகு சக்கரத்தால் உருள முடிவதில்லை, கட்டையைத் தன் பாரத்தால் அழுத்திக்கொண்டு வீதியில் தேய்த்துக்கொண்டு போகிறது. உருளல் நழுவலாக மாறிவிட்டது. பென்சிலை உருவி எடுத்த செங்கல்போல, தேரை நகர்த்தத் தேவையான விசை பல மடங்காகிவிடுகிறது. சில அடிகளில் தேர் நிற்கிறது. வலப்பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை போட்டால் அந்தப் பக்கம் தாமதமாகி, தேர் வலப்பக்கம் ஒடியும். தேர் நின்றதும் கட்டையை எடுத்துப் பார்த்தால் அடிப்பக்கம் தேய்ந்து, சில சமயம் கருகியிருக்கும். திருவாரூர்த் தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திய பிறகும் கட்டை போடும் ஆட்களின் வேலை போய்விடவில்லை.

அந்தக் கருகலில்தான் உராய்வின் தீமைகள் இரண்டும் இருக்கின்றன. ஒன்று தேய்மானம், இன்னொன்று வெப்பம். தேரின் வேகம் எங்கும் மறைந்துபோவதில்லை, வெப்பமாக மாறிக் கட்டையிலும் வீதியிலும் ஏறுகிறது. தேர் மெதுவாகப் போவதால் அந்த வெப்பம் பெரிய தொல்லை தருவதில்லை. மலைப்பாதையில் இறங்கும் பேருந்தில் நிலைமை வேறு.

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். உயரத்தில் 1,000 மீட்டருக்கு மேல் இறங்குகிறோம். 12 டன் பேருந்து 1,000 மீட்டர் இறங்கும்போது விடுபடும் ஆற்றல் 12 கோடி ஜூல். வேகம் கூடாமல் இறங்க வேண்டுமானால் இவ்வளவும் எங்காவது போயாக வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் பெரும்பகுதி பிரேக் டிரம்களில் வெப்பமாகச் சேரும். இந்த வெப்பம் 400 லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அவ்வளவையும் நான்கைந்து இரும்பு டிரம்கள் அரை மணி நேரத்தில் வாங்கிக் காற்றில் விட வேண்டும். சூடு ஏற ஏற லைனிங்கின் உராய்வு குறையும். ஓட்டுநர் மிதியை முன்னைவிட ஆழமாக அழுத்துவார், வண்டி முன்னைப்போல் நிற்காது. தேவைப்பட்ட உராய்வு தான் உண்டாக்கிய வெப்பத்தாலேயே நழுவிப்போகிறது.

இதனால்தான் மலைச்சாலைப் பலகைகளில் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். சிறிய கியரில் சக்கரம் எஞ்சினை வலுக்கட்டாயமாகச் சுற்ற வைக்கும். அந்த வேலையில் ஆற்றலின் ஒரு பெரும்பங்கு எஞ்சினில் செலவாகி, ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியேறிவிடும். டிரம்முக்குப் போவது குறையும். பயணிகளுக்குத் தெரியும் அறிகுறி ஒன்று உண்டு. சக்கரத்துப் பக்கமிருந்து துணி கருகுவதுபோல ஒரு நெடி வரும். அந்த நெடி வந்தால் ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, அரை மணியாவது ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது. கொதிக்கிற வார்ப்பிரும்பு திடீரென்று குளிர்ந்தால் விரிசல் விடும்.

"கல்லு வைக்கிறதும் முட்டுக்கட்டை மாதிரிதானே மாமா?" என்றாள். ஆமாம் என்றேன். எந்த உராய்வு என்று கேட்டேன். வண்டி நகரவில்லை, அதனால் நிலை உராய்வு என்றாள். எவ்வளவு என்று கேட்டேன். சரிவில் வண்டி எவ்வளவு இறங்கப் பார்க்கிறதோ அவ்வளவு என்று சொல்லிவிட்டு, செங்கல்லைக் கொல்லையில் வைக்கப் போனாள்.